வாத்தியார் காலும் ஐம்பது படமும்: ஒரு பழைய டேப்பை யூடியூபில் ஏற்றிய குறிப்பு

போன மாதம் ஒரு ஃபோன் வந்தது. செய்யாறு பக்கத்து கிராமம் ஒன்றில் கூத்து ஆடுகிற பையன். 2004-ல் நான் அவனுடைய வாத்தியார் ஆடிய கர்ண மோட்சத்தை மினிடிவி கேமராவில் பிடித்து வைத்திருந்தேன். வாத்தியார் இப்போது இல்லை. அவர் கர்ணன் வேஷம் கட்டி ஆடியதற்கு எனக்குத் தெரிந்து வேறு பதிவு கிடையாது. அதனால் டேப்பைக் கம்ப்யூட்டரில் இறக்கி, யூடியூபில் போட்டு, லிங்க்கை அனுப்பியிருந்தேன். அனுப்பிவிட்டு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் இருந்தேன்.

"அண்ணா, மூஞ்சி தெரியுது, பாட்டு கேக்குது. ஆனா வாத்தியார் கால் எங்க போவுதுன்னே தெரியல. சுத்தும்போது ஒரே கலங்கலா இருக்கு. எனக்கு அந்த அடவுதான்ணா வேணும்."

அவன் சொன்னது சரிதான். திறந்து பார்த்தால், திரை விலகி வாத்தியார் சுழன்று வரும் இடத்தில் சலங்கை கட்டிய கால் ஒரு பழுப்பு நிறத் தீற்றலாக இருந்தது. ஆனால் டேப்பில் அப்படி இல்லை. பழைய டிவியில் கேமராவை நேரே செருகிப் பார்த்தால் ஒவ்வொரு மிதியும் தனித்தனியாகத் தெரிகிறது. ஆக, டேப்புக்கும் யூடியூபுக்கும் நடுவில் எங்கேயோ காலைத் தொலைத்திருக்கிறேன். தொலைத்தது நான்தான். எக்ஸ்போர்ட் செய்யும்போது மூன்று பெட்டிகளில் கேட்ட மூன்று எண்களை யோசிக்காமல் நிரப்பியிருந்தேன்: ரெசல்யூஷன், ஃப்ரேம் ரேட், பிட்ரேட்.

இந்த மூன்றும் மூன்று தனித்தனி முடிவுகள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே வருகின்றன. அது எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு.

நாம் அனுப்புவது யாருக்கும் போய்ச் சேர்வதில்லை

முதலில் ஒரு விஷயத்தை மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் ஏற்றுகிற ஃபைலை யூடியூபில் யாரும் பார்ப்பதில்லை. யூடியூப் அதைப் பிரித்து, 144p, 240p, 360p, 480p, 720p என்று படி படியாகத் தன் கணக்கில் புதிய பிரதிகள் செய்துகொள்கிறது. பார்க்கிறவருடைய நெட்டின் வேகத்துக்குத் தக்கபடி அதில் ஒன்று போகிறது. நாம் கொடுப்பது நெல். அரிசி அவர்கள் அரவையில்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிகிறது. ஒன்று, நம் ஃபைல் ரொம்ப மோசமாக இருந்தால் அதிலுள்ள குறைகளோடு சேர்த்துத்தான் அவர்கள் மறுபடி சுருக்குவார்கள். இரண்டாவது முக்கியம்: நாம் எந்த அளவில் கொடுக்கிறோமோ அதை வைத்துத்தான் எந்தப் படி வரை பிரதி செய்வது என்று முடிவாகிறது. 480 வரிசை கொடுத்தால் 480p-க்கு மேலே படி இல்லை. ஒவ்வொரு படிக்கும் அதற்கென்று ஒதுக்கும் பிட் அளவும், ஃப்ரேம் ரேட்டும் உண்டு. கீழ்ப்படிக்குக் கிடைக்காத ஒரு சலுகை மேல்படிக்குக் கிடைக்கும். என் கால் தொலைந்த இடம் இதுதான்.

டேப்பில் உண்மையில் இருந்தது என்ன

நம் ஊரில் விற்ற மினிடிவி கேமராக்கள் பால் முறையில் பதிவு செய்பவை. படத்தின் அளவு 720-க்கு 576. விநாடிக்கு 25 ஃப்ரேம். கேப்சர் சாஃப்ட்வேரும் அப்படித்தான் காட்டியது. நானும் "சரி, இருபத்தஞ்சு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன்.

ஆனால் அந்த 25 என்பது பாதி உண்மைதான். அது இன்டர்லேஸ் முறை. கேமரா ஒரே நேரத்தில் முழுப்படத்தை எடுப்பதில்லை. ஒரு கணத்தில் ஒன்று விட்டு ஒன்றாக 288 வரிகளை எடுக்கிறது. விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழித்து, விட்டுப்போன மற்ற 288 வரிகளை எடுக்கிறது. இரண்டையும் சீப்பின் பற்கள் மாதிரி கோத்து ஒரு ஃப்ரேமாக டேப்பில் வைக்கிறது. அதாவது 25 ஃப்ரேம் என்பது 50 அரைப்படம். அந்த ஐம்பதும் ஐம்பது வெவ்வேறு கணங்கள்.

அசையாத பொருளுக்கு இதில் வித்தியாசம் தெரியாது. வாத்தியாரின் கிரீடம் நின்ற இடத்தில் நின்றால் இரண்டு அரைப்படமும் கச்சிதமாகப் பொருந்தும். கால் அப்படி இல்லை. ஒரு மிதிக்குக் கால் மேலே போய்க் கீழே வர விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கணமும் கையில் இருந்தால் அந்த மிதிக்கு ஐந்து படம் கிடைக்கும். இருபத்தைந்துதான் என்றால் இரண்டு அல்லது மூன்று. கால் மேலே இருக்கும் படம் ஒன்று, கீழே இருக்கும் படம் ஒன்று. நடுவில் என்ன நடந்தது என்று அடவு கற்கிற பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

முதல் முறை நான் செய்தது

எடிட்டிங் சாஃப்ட்வேரில் டீஇன்டர்லேஸ் என்ற கட்டத்தை டிக் செய்தேன். ஃப்ரேம் ரேட் 25. அளவு 768-க்கு 576. பிட்ரேட் 2 எம்பிபிஎஸ், ஏனென்றால் நெட் மெதுவாக இருந்தது. அவ்வளவுதான், எக்ஸ்போர்ட்.

மூன்று அடி விழுந்திருக்கிறது. முதலாவது, 25-க்கு டீஇன்டர்லேஸ் செய்ததில் இரண்டு அரைப்படத்திலிருந்து ஒரே படம் செய்யப்பட்டது. ஐம்பது கணத்தில் பாதி அங்கேயே போச்சு. இரண்டாவது, யூடியூபில் 576 என்று ஒரு படியே கிடையாது. 480-க்கு அடுத்து 720. ஆகவே என் 576 வரி 480 ஆகச் சுருங்கியது, ஆறில் ஒரு பங்கு போச்சு. மூன்றாவது, இரவுக் கூத்து. டியூப் லைட் வெளிச்சம். கேமரா தன் உணர்திறனை உயர்த்தியதில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல். அந்த இரைச்சலை வைத்துக்கொண்டு 2 எம்பிபிஎஸ்-ல் சுருக்கினால் சுருக்குகிற நிரல் புள்ளிகளுக்கே பிட்டைச் செலவழித்துவிடுகிறது. காலுக்கு மிச்சமில்லை. அதன் மேல் யூடியூப் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கியது.

இதில் நான் அறியாத இன்னொரு கண்ணியும் இருந்தது. முதல் தவறை மட்டும் திருத்தி, 50 ஃப்ரேமாக 768-க்கு 576 அளவிலேயே ஏற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. யூடியூப் 48, 50, 60 ஃப்ரேம் வேகங்களை 720p-யிலிருந்து மேலேதான் கொடுக்கிறது. 480p படியில் 50 என்பது 25 ஆகிவிடும். அதாவது ஃப்ரேம் ரேட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ரெசல்யூஷனைக் கூட்டியாக வேண்டும்! படம் அழகாக வேண்டும் என்பதற்காக அல்ல. ஐம்பதை அனுமதிக்கும் படிக்குள் நுழைய.

பழைய வீடியோவைப் பெரிதாக்குவது வீண் வேலை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பெரிதாக்குவதால் இல்லாத நுணுக்கம் புதிதாக வராது என்பது இன்றைக்கும் உண்மை. ஆனால் யூடியூபைப் பொறுத்தவரை, பெரிதாக்குவது இருக்கிற நுணுக்கம் போகாமல் காப்பாற்றுகிறது. இரண்டும் வேறு வேறு.

முதலில் ஃப்ரேம் ரேட்

ஆகவே வரிசையை மாற்றினேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மூலத்தில் விநாடிக்கு எத்தனை வெவ்வேறு கணங்கள் இருக்கின்றன? என் டேப்பில் 50. அதனால் எக்ஸ்போர்ட்டும் 50.

ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரு முழுப்படமாக விரிக்க வேண்டும். அதற்கு ffmpeg-இல் bwdif என்ற வடிகட்டி இருக்கிறது. கையிலுள்ள 288 வரிகளை அப்படியே வைத்துக்கொண்டு, விட்டுப்போன வரிகளை மேலே கீழே உள்ள வரிகளையும் முன்பின் அரைப்படங்களையும் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. ஊகம்தான். அதனால் மெல்லிய கோடுகள், முக்கியமாக மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த திரையின் கோடுகள், சில இடங்களில் லேசாக நடுங்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். காலின் அசைவு ஊகம் இல்லை, பதிவானது.

இங்கே ஒரு இடத்தில் தடுக்கி விழுந்தேன். இரண்டு அரைப்படத்தில் எது முதலில் எடுத்தது என்று நிரலுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். டிவி டேப்பில் கீழ்வரி அரைப்படம்தான் முதல். நான் முதலில் மேல்வரி என்று கொடுத்துவிட்டேன். ஓடவிட்டுப் பார்த்தால் என்னவோ படம் உதறுகிற மாதிரி இருந்தது, காரணம் பிடிபடவில்லை. ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தபோதுதான் புரிந்தது. வாத்தியார் கை மூன்று அடி முன்னே போகிறது, ஒரு அடி பின்னே வருகிறது, மறுபடி முன்னே. உங்களுக்கும் சந்தேகம் வந்தால் இதையே செய்யுங்கள். ஒரே திசையில் நகர்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு பத்து ஃப்ரேம் நகர்த்துங்கள். பின்னே போனால் வரிசை தப்பு.

பிறகு ரெசல்யூஷன்

50 என்று முடிவான பிறகு ரெசல்யூஷனுக்குக் கீழ்வரம்பு தானாக வந்துவிட்டது: 720. அதற்கு மேல் எது என்பதுதான் கேள்வி.

முன்னால் ஒரு சின்ன கணக்கு. டேப்பின் 720-க்கு 576-ஐ அப்படியே காட்டினால் ஆள் ஒல்லியாக, உயரமாகத் தெரிவார். ஏனென்றால் இந்தப் புள்ளிகள் சதுரம் இல்லை, கொஞ்சம் அகலமானவை. பழைய டிவியின் 4-க்கு 3 வடிவம்தான் சரி. ஆகவே எந்த அளவு எடுத்தாலும் அகலம் உயரத்தைப் போல ஒன்றே மூன்றில் ஒரு பங்கு இருக்கணும்: 960-க்கு 720, 1440-க்கு 1080, 1920-க்கு 1440. பக்கத்தில் கறுப்புப் பட்டை சேர்த்து 16-க்கு 9 ஆக்க வேண்டியதில்லை. காட்டுகிற இடத்தில் யூடியூப் பிளேயரே பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, டீஇன்டர்லேஸ் முதலில், பெரிதாக்குவது அப்புறம். இந்த வரிசை மாறவே கூடாது. கோத்த சீப்பை அப்படியே இழுத்துப் பெரிதாக்கினால் இரண்டு கணத்தின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்குப் பிறகு எந்த வடிகட்டி போட்டாலும் பிரிக்க முடியாது. அசைகிற இடங்களில் மட்டும் விளிம்பில் பட்டை பட்டையாக, இரட்டைப் பிம்பமாகத் தெரிந்தால் யாரோ இந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஃபைலை விட்டுவிட்டு டேப்புக்குத் திரும்பப் போவதுதான் வழி.

மூன்று அளவிலும் ஒரே ஒரு நிமிடத்தை எக்ஸ்போர்ட் செய்து பார்த்தேன். முழு டேப்பையும் எடுத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். இருப்பதிலேயே கஷ்டமான நிமிடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு அது 23-வது நிமிடம்: வாத்தியார் சுழல்கிறார், புழுதி பறக்கிறது, பின்னால் கூட்டம் எழுந்து நிற்கிறது. அந்த நிமிடம் பிழைத்தால் மீதி தானாகப் பிழைக்கும். கட்டளை இது:

```
ffmpeg -ss 00:23:10 -t 60 -i koothu.dv \
 -vf "bwdif=mode=send_field:parity=bff,\
scale=1440:1080:flags=lanczos:in_color_matrix=bt601:out_color_matrix=bt709,setsar=1" \
 -c:v libx264 -profile:v high -preset slow -crf 18 \
 -pix_fmt yuv420p -g 25 -bf 2 \
 -colorspace bt709 -color_primaries bt709 -color_trc bt709 \
 -c:a aac -b:a 384k -ar 48000 \
 -movflags +faststart test1080.mp4
```

`scale`-க்குப் பின்னால் உள்ள இரண்டு எண்களை மாற்றினால் மற்ற அளவுகள் கிடைக்கும். நடுவில் bt601, bt709 என்று இருப்பது நிறத்துக்கானது. பழைய டிவி அளவு வீடியோவும் ஹெச்டி வீடியோவும் நிறத்தை வெவ்வேறு கணக்கில் எழுதுகின்றன. மாற்றாமல் விட்டால் முகத்தில் பூசிய சிவப்பு அரிதாரம் கொஞ்சம் வேறு சாயலுக்குப் போய்விடும். கூத்தில் முக நிறம் பாத்திரத்தைச் சொல்வது, அதனால் விட மனசில்லை.

மூன்று துண்டையும் பிறர் கண்ணில் படாதபடி பிரைவேட்டாக ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பது முக்கியம். யூடியூப் கீழ்ப்படிகளை முதலில் செய்து உடனே காட்டிவிடும், மேல்படிகள் வர நேரம் ஆகும். ஏற்றிய அஞ்சாவது நிமிஷம் 360p-யைப் பார்த்துவிட்டு "ஐயோ கெட்டுப்போச்சு" என்று அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிற ஆட்கள் உண்டு. நானும் ஒரு முறை செய்திருக்கிறேன்.

எல்லாம் வந்த பிறகு, கம்ப்யூட்டரில் வீடியோ மீது ரைட் கிளிக் செய்து `Stats for nerds` திறந்தால் இரண்டு வரி பார்க்கணும். `Current / Optimal Res` என்ற வரியில் அளவும் அதன் பக்கத்தில் @50 என்றும் இருக்க வேண்டும். @25 என்று இருந்தால் கால் போச்சு. அடுத்தது `Codecs`. எனக்கு 720, 1080 துண்டுகளில் அங்கே avc1 என்று வந்தது. 1440 துண்டில் vp09 என்று வந்தது.

இந்த வித்தியாசம்தான் என் முடிவைத் தீர்மானித்தது. avc1 என்பது பழைய H.264 முறை. vp09 என்பது VP9, அதே அளவு பிட்டில் கூடுதல் விவரத்தைத் தாங்கும். யூடியூப் 1080-க்கு மேல் H.264 பிரதி கொடுப்பதில்லை. அதனால் 1440 அளவில் ஏற்றினால் அந்தப் படிக்கு VP9 போன்ற புதிய முறையைத்தான் பயன்படுத்தியாக வேண்டும். என் துண்டில் அதற்குக் கீழே இருந்த 1080p50, 720p50 படிகளும் கூடவே vp09 ஆக வந்தன. சின்ன சேனல்களில் 1080 அளவு வீடியோ avc1-லேயே நின்றுவிடுவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். சில நேரம் அதற்கும் vp09 கிடைக்கும். ஆகவே உங்கள் சேனலில் ஒரு நிமிடம் ஏற்றிப் பார்த்து முடிவு செய்வதுதான் நல்லது.

இரண்டு துண்டையும் 1080p50-லேயே வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். avc1 துண்டில் புழுதி பறக்கும்போது தரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்தது. vp09-ல் தரை தரையாகவே இருந்தது. முடிவு: 1920-க்கு 1440.

கடைசியில் பிட்ரேட்

மற்ற இரண்டும் முடிவானால் பிட்ரேட் பெரிய மர்மம் இல்லை. யூடியூப் தன் உதவிப் பக்கத்தில், சாதாரண நிறத்தில் எடுத்த வீடியோவுக்கு, H.264-ல் ஏற்றுகிறவர்களுக்கு என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. 1080p என்றால் 24, 25, 30 ஃப்ரேமுக்கு 8 எம்பிபிஎஸ். 48, 50, 60-க்கு 12. 1440p என்றால் 16, 24. 720p என்றால் 5, 7.5. ஃப்ரேம் இரட்டிப்பானால் பிட்ரேட் இரட்டிப்பாவதில்லை, ஒன்றரை மடங்குதான் என்பதைக் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்து ஃப்ரேம்களில் மாற்றம் குறைவு, அதனால் அடுத்ததை எழுதக் கொஞ்சம் பிட் போதும்.

இந்த எண்களைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். கீழே போனால் முன்பு சொன்ன கதைதான்: நம் சுருக்கலின் சதுரங்களை யூடியூப் உண்மையான படம் என்று நினைத்து, அதையும் மெனக்கெட்டுச் சுருக்கும். மேலே கொஞ்சம் போனால் நல்லது. ஆனால் ஐந்து மடங்கு, பத்து மடங்கு போவதில் பார்ப்பவருக்கு ஒன்றும் போய்ச் சேராது. அவர் பார்ப்பது எப்படியும் யூடியூபின் பிரதியைத்தான். உங்கள் அப்லோட் நேரம்தான் கூடும்.

கட்டளையில் பிட்ரேட்டே இல்லையே என்று கேட்கலாம். `-crf 18` என்பது அதற்குப் பதில். "இந்தத் தரம் வேண்டும், எவ்வளவு பிட் தேவையோ எடுத்துக்கொள்" என்று சொல்லும் முறை. எண் குறைந்தால் தரம் கூடும். பாட்டு மட்டும் ஓடும் அமைதியான இடத்தில் குறைவாகவும், சுழலும் இடத்தில் தாராளமாகவும் எடுத்துக்கொள்ளும். முடிவில் சராசரி எவ்வளவு வந்தது என்று பார்த்து, பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். எனக்கு 1440 துண்டில் 22 எம்பிபிஎஸ் வந்தது. பட்டியல் 24 என்கிறது. என் மூலம் பழைய டேப், உண்மையில் 576 வரிதான். அதனால் அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டேன்.

இரவு இரைச்சலைக் குறைக்க ஒரு வடிகட்டி போட்டால் பிட் இன்னும் மிச்சமாகும் என்பது உண்மை. போட்டுப் பார்த்தேன். முன்பின் ஃப்ரேம்களைக் கலந்து இரைச்சலை அழிக்கிற வகை அது. புள்ளிகள் போயின, கூடவே காலுக்குப் பின்னால் ஒரு வால் முளைத்தது. எந்தக் காலுக்காக இவ்வளவும் செய்கிறேனோ அதையே அழிப்பதா? எடுத்துவிட்டேன். பேட்டி மாதிரி ஆள் உட்கார்ந்திருக்கும் வீடியோ என்றால் போட்டிருப்பேன்.

நேரக் கணக்கு எளிது. வீடியோவின் நீளத்தை, பிட்ரேட்டால் பெருக்கி, உங்கள் நெட்டின் ஏற்றும் வேகத்தால் வகுங்கள். இறக்கும் வேகத்தை இல்லை, ஏற்றும் வேகத்தை. என் டேப் 45 நிமிடம், பிட்ரேட் 22, ஏற்றும் வேகம் 10. 45-ஐ 2.2-ஆல் பெருக்கினால் 99 நிமிடம். ஃபைல் சுமார் 7.4 ஜிபி. ராத்திரி சாப்பிட உட்காரும்போது போட்டுவிட்டால் படுப்பதற்குள் முடிந்துவிடும். முதல் முறை 2 எம்பிபிஎஸ்-ல் ஏற்றியபோது ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. அந்தத் தொண்ணூறு நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்குத்தான் இவ்வளவு பாடு.

செல்ஃபோனில் எடுப்பவர்களுக்கு

உங்களிடம் டேப் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கேள்விகளின் வரிசை இதுதான். செல்ஃபோனில் விநாடிக்கு 30 என்று எடுத்தால் 30-ஆகவே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதை 60 ஆக்கினால் ஒவ்வொரு படமும் இரண்டு முறை வரும், புதிதாக ஒரு அசைவும் கிடைக்காது, பிட்தான் வீண். 25-ல் எடுத்ததை 30 டைம்லைனில் போட்டால் ஐந்து படத்துக்கு ஒரு படம் இரட்டிப்பாகும். கேமரா மெல்லத் திரும்பும் காட்சியில் விநாடிக்கு ஐந்து முறை சின்னதாக ஒரு தடுக்கல் தெரியும். இரண்டு கேமராவில் எடுத்துக் கலக்கப் போகிறீர்கள் என்றால், எடுப்பதற்கு முன்பே இரண்டையும் ஒரே எண்ணில் வைத்துவிடுவதுதான் ஒரே நல்ல வழி. எடுத்த பிறகு செய்வதெல்லாம் ஒட்டுப்போடுவதுதான்.

பையனிடம் சொன்னது

யூடியூபில் ஏற்றிய வீடியோவின் ஃபைலை மட்டும் மாற்ற முடியாது. புதிதாக ஏற்றினால் புது லிங்க். ஆகவே பழையதன் விவரக் குறிப்பில் புதியதன் முகவரியைப் போட்டுவிட்டு, பையனுக்கும் அனுப்பினேன். கூடவே ஒன்று சொன்னேன்: "தம்பி, ஃபோன்ல டேட்டா மிச்சம் பண்ணணும்னு 360-ல வெச்சுப் பாக்காத. குவாலிட்டில போய் 720p50-னு இருக்கும், அதுக்குக் கீழ வந்தா கால் தெரியாது." இது நம் கையில் இல்லாத இடம். கீழ்ப்படியில் பார்ப்பவருக்கு 25-தான். என்ன செய்தாலும் அதை மாற்ற முடியாது.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். 0.25 வேகத்தில் வைத்துப் பார்த்தானாம். 25 ஃப்ரேம் வீடியோவை அந்த வேகத்தில் வைத்தால் விநாடிக்கு ஆறு படம்தான் வரும், தாவித் தாவிப் போகும். 50 என்றால் பன்னிரண்டு.

"அண்ணா, நான் இத்தினி நாளா வலது கால்ல ஆரம்பிச்சுட்டு இருந்தேன். வாத்தியார் இடது கால்லதான் தூக்குறாரு. ரெண்டாவது மிதியிலதான் வலது வருது."

டேப்பை எடுத்த ராத்திரி நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது தெரியாது.